ஒட்டி நிற்கும் வீடும் தள்ளி நிற்கும் வீடும்: மலையகத்தில் பேசும் தூரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் எல்லாரும் ஒட்டி நின்றுதான் பேசுவோம். கணவர் வீட்டில் ஆளுக்கு நாலடி தள்ளி நிற்கிறார்கள். அவர்களுக்குப் பாசம் குறைவா?

பாசத்தை விடுங்கள், முதலில் இரண்டு வீட்டின் தரையைப் பாருங்கள். நான் பிறந்து வளர்ந்தது மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்து வரிசை வீடான ஒரு லயத்தில். ஒரு காம்பரா என்றால் ஏறக்குறைய பத்தடிக்குப் பன்னிரண்டடி. சுவரோரம் நாலடி அகலத்துக்கு ஒரு கட்டில் போட்டால் மீதி ஆறடிதான். அதில் அலமாரி, அரிசி வாளி, பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் போக, இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் நடுவில் இரண்டடி இருந்தால் பெரிய விஷயம். அந்த இடத்தில் ஐந்தாறு பேர் வருடக்கணக்காகப் பேசிப் பழகினால், அதுதான் அவர்களுக்குப் பேசும் தூரம்.

இன்னொரு காரணம் சத்தம். பழைய லயங்கள் பலவற்றில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகாது. நாம் நாலடி தள்ளி நின்று பேசுவது பக்கத்துக் காம்பராவில் சோறு சாப்பிடுகிறவருக்கும் கேட்கும். சம்பளக் கணக்கு, கடன், மகளுக்கு வந்த சம்பந்தம் என்று வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய பேச்செல்லாம் காதருகே வந்துதான் பேசப்படும். அதோடு தகரத்தில் மழை விழுந்தால் நெருங்காமல் ஒரு வார்த்தையும் கேட்காது. மலையகத்தில் மழைக்குக் குறைவா?

இப்போது கணவர் வீட்டைப் பாருங்கள். அது ஸ்டாப் குவார்ட்டர்ஸ் வழிவந்த குடும்பமாகவோ டவுன் குடும்பமாகவோ இருந்தால், ஹோல் என்று தனியாக ஒன்று இருக்கும். அதில் கதிரைகள் சுவரோரமாகப் போடப்பட்டிருக்கும். அந்த வீட்டில் பேச்சு உட்கார்ந்து நடக்கிற காரியம். ஒரு கதிரைக்கும் எதிர்க் கதிரைக்கும் நடுவில் ஐந்தடி இருந்தால் அந்த வீட்டுப் பிள்ளை ஐந்தடியில் பேசப் பழகும், எழுந்து நின்றாலும் அதே பழக்கம் கூட வரும். லயத்துக் காம்பராவில் நாம் கட்டில் விளிம்பிலோ பாயிலோ பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். தோளோடு தோள் இடிப்பது நமக்குப் பேச்சின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

இவ்வளவு தூரம்தான் சரி என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா?

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966-இல் ஒரு கணக்குச் சொன்னார். ஏறக்குறைய 45 சென்டிமீட்டருக்குள் வருவது மிக நெருங்கியவர்களுக்கான இடம். அங்கிருந்து 1.2 மீட்டர்வரை நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும். அதற்கு மேல் 3.6 மீட்டர்வரை வேலை, அலுவல் பேச்சு. அதையும் தாண்டினால் மேடைப் பேச்சு. இணையத்தில் இந்த நாலு வட்டப் படத்தை எல்லாருமே பார்த்திருப்பீர்கள்.

ஆனால் படத்தோடு சேர்ந்து வராத ஒரு விஷயம் உண்டு. ஹால் அந்த எண்களை எடுத்தது பெரும்பாலும் அமெரிக்க வடகிழக்குக் கரையோரத்து நடுத்தர வர்க்கத்துப் பெரியவர்களைப் பார்த்து. எல்லா மக்களுக்கும் இது பொருந்தாது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த அளவுகோலை லயத்து வாசல் இஸ்தோப்பில் கொண்டுவந்து வைத்து "நீங்கள் எல்லை மீறுகிறீர்கள்" என்று சொல்வது தப்பு. வட்டங்கள் இருக்கின்றன என்பது எல்லா இடத்திலும் உண்மை. எந்த வட்டம் எத்தனை அடியில் முடிகிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

நுவரெலியா, ஹட்டன் எல்லாம் குளிர் ஊர். குளிருக்காகத்தான் ஒட்டி நிற்கிறோமா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆய்வு சொல்வது வேறு. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக 42 நாடுகளில் கிட்டத்தட்ட 9,000 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். காகிதத்தில் இரண்டு மனித உருவங்களும் நடுவில் ஒரு கோடும் இருக்கும். முன்பின் தெரியாதவர், தெரிந்தவர், மிக நெருங்கியவர் ஆகிய மூன்று பேரும் எவ்வளவு தூரத்தில் வந்து நின்று பேசினால் உங்களுக்குச் சரி என்று அந்தக் கோட்டில் குறிக்க வேண்டும். தெரியாதவர் விஷயத்தில் வெப்பமான நாட்டுக்காரர்கள்தான் பொதுவாகக் குறைந்த தூரத்தைக் குறித்தார்கள்.

ஆனாலும் நாட்டின் சராசரி நம் கேள்விக்குப் பதிலாகாது. ஒரே தோட்டத்தில் மேல் லயமும் ஸ்டாப் குவார்ட்டர்ஸும் ஒரே பனிக்குள்தான் இருக்கின்றன. குளிர் இரண்டுக்கும் பொது, நிற்கும் தூரம் மட்டும் வேறு.

எங்கள் அப்பா வீட்டில் தோளில் கைபோட்டுப் பேசுகிறவர். தோட்டத்து ஆபிஸுக்குப் போனால் மட்டும் பத்தடி தள்ளி நிற்கிறார். ஏன்?

இந்தப் பக்கத்தில் நான் பதில் சொல்ல மிகவும் விரும்பும் கேள்வி இதுதான். நம் மக்களுக்கு ஒரு தூரம் வீட்டில் பழக்கப்பட்டது. இன்னொரு தூரம் மேலே இருந்து பழக்கப்பட்டது.

காலையில் பெரட்டுக்களத்தை நினைத்துப் பாருங்கள். துரையோ கணக்குப்பிள்ளையோ ஒரு பக்கம் நிற்க, வேலைக்காரர்கள் எதிரே தள்ளி நிற்க வேண்டும். யாருக்கு எந்த மலை என்று சொல்லும்வரை அந்த இடைவெளியை யாரும் தாண்டுவதில்லை. துரை குதிரையிலோ மோட்டார் சைக்கிளிலோ வந்தால் ரோட்டை விட்டு இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை என் தாத்தா சொல்லியிருக்கிறார். ஆபிஸில் ஏதும் கேட்க வேண்டுமென்றால் உள்ளே போவதில்லை, வெளியே ஜன்னலுக்கு முன்னால் நிற்பதுதான். ஜன்னலுக்கு உள்ளே மேசை, மேசைக்குப் பின்னால் கிளாக்கர். கம்பி, மேசை, கதிரை என்று மூன்று தடை. அங்கே குரலும் மாறும், உடம்பும் கொஞ்சம் குனியும்.

இதை மரியாதை என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அது கட்டாயப்படுத்தப்பட்ட தூரம். மூன்று நாலு தலைமுறை அப்படி நின்று பழகியதால், கட்டாயம் போன பிறகும் கால் தானாகவே அந்த இடத்தில் போய் நின்றுவிடுகிறது. உங்கள் அப்பா இன்று வங்கிக்குப் போனாலும் கவுண்டரிலிருந்து தள்ளித்தான் நிற்பார். பிரதேச செயலகத்தில் கதிரை காலியாக இருந்தாலும் "உட்காருங்க ஐயா" என்று யாராவது இரண்டு தரம் சொல்லும்வரை உட்கார மாட்டார்.

நமக்குள்ளேயும் இந்தத் தூரம் இருந்தது. யார் யாருடைய இஸ்தோப்பில் உட்காரலாம், யார் வாசலோடு நின்று பேச வேண்டும் என்று சாதி பார்த்த லயங்கள் இருந்தன. பெரிய கங்காணி வீட்டு வாசலில் நின்றவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் நம் ஊரில் ஒருவர் ஓரடி பின்வாங்கினால், எதிரில் நிற்பவருக்கு அது வெறும் ஓரடியாகத் தெரிவதில்லை.

நான் பின்னால் போகப் போக எதிரில் இருப்பவர் முன்னால் வருகிறார். ஏன் இப்படி ஆகிறது?

இரண்டு பேருக்கும் வெவ்வேறு தூரம் பழக்கம் என்றால் இதுதான் நடக்கும். இருவருமே தப்பாகிவிட்ட தூரத்தைச் சரி செய்யத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஒருவர் செய்யும் திருத்தம் மற்றவருக்குப் புதிய பிழை.

என் தங்கை கல்யாணமாகிப் பண்டாரவளைக்குப் போன புதிதில் இதைக் கண்ணால் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டில் இரண்டு தலைமுறையாக ஸ்டாப் உத்தியோகம். குசினித் தரையில் ஓரடிக்கு ஓரடி வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள், அதனால் அளக்கிற வேலை எனக்குச் சுலபமாயிற்று. மாமியார் குழாயடியில் பாத்திரம் அலம்பிக்கொண்டு நின்றார். தங்கை "அத்தை, கறிக்கு உப்புப் போட்டாச்சா?" என்று கேட்டபடி ஒரு டைல் தூரத்தில் வந்து அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் பேச்சை நிறுத்தவில்லை, முகமும் சுளிக்கவில்லை, ஆனால் ஒரு கால் பின்னால் போனது. இடைவெளி இரண்டரை டைல் ஆனது. தங்கை அடுத்த வாக்கியத்தோடு முன்னால் வந்தாள். மறுபடி ஒரு கால் பின்னால். பேச்சு முடியும்போது மாமியாரின் முதுகு பிரிட்ஜில் முட்டி நின்றது. இரண்டு பேருக்குமே தாங்கள் நகர்ந்தது தெரியாது.

அன்றைக்கு இரவு தங்கை என்னிடம் அழுதாள். "அக்கா, லயத்துப் பிள்ளை என்றுதான் என்னைத் தொடவிடாமல் ஒதுக்குகிறார்கள்" என்றாள். மறுநாள் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளை நல்லவதான், ஆனா முகத்துக்கு முன்னாடி வந்து அதட்டுற மாதிரி பேசுறா, எனக்கு நெஞ்சு படபடன்னு வருது" என்றார். ஒரே பேச்சில் ஒருத்திக்கு அவமானம், இன்னொருவருக்குப் பயம். அந்த வீட்டில் யாரும் யாரையும் ஒதுக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை.

நான் இரண்டு பேருக்கும் விளக்கம் சொல்லப் போகவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த நாளிலிருந்து இருவரும் தூரத்தை எண்ணிக்கொண்டே பேசியிருப்பார்கள். அதற்குப் பதிலாக, போஞ்சி நறுக்குவதைக் குசினி மேசைக்கு மாற்றச் சொன்னேன். இருவரும் ஒரே பக்கத்தில், பக்கத்துப் பக்கத்துக் கதிரையில். தோள்கள் ஓரடிக்குள்தான் இருந்தன. ஆனால் மாமியாருக்கு மூச்சு முட்டவில்லை, தங்கைக்கும் ஒதுக்கப்பட்ட உணர்வு இல்லை. இரண்டு வாரத்தில் அந்த மேசையில்தான் வீட்டு நியாயமெல்லாம் பேசப்பட்டது.

எதிரில் நின்றால் சங்கடம், பக்கத்தில் உட்கார்ந்தால் சங்கடம் இல்லை. ஒரே தூரம்தானே?

அடியில் ஒன்றுதான், ஆனால் உடம்பு அடிக்கணக்கை மட்டும் பார்ப்பதில்லை. ஆர்கைல், டீன் என்ற இரண்டு பிரித்தானிய உளவியலாளர்கள் 1965-இல் இதை ஒரு தராசு மாதிரி விளக்கினார்கள். தூரம், கண் பார்வை, சிரிப்பு, பேசும் விஷயம் எல்லாம் சேர்ந்துதான் நெருக்கம். தூரம் குறைந்தால் வேறொன்றைக் குறைத்து உடம்பு சமன் செய்துகொள்ளும். பெரும்பாலும் குறைவது கண் பார்வை.

இஸ்தோப்புத் திண்ணையில் சாயங்காலம் உட்கார்ந்திருக்கிற பெண்களைப் பாருங்கள். தலைக்குப் பேன் பார்த்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ உடம்பு ஒட்டியிருக்கும், ஆனால் கண்கள் எதிரே தேயிலை மலையில் இருக்கும். அப்படி இருந்தால்தான் ஓரடிக்குள் ஒரு மணி நேரம் பேச முடியும். பஸ்ஸிலும் அப்படித்தான். ஹட்டன் பஸ்ஸில் பக்கத்து ஆளின் மூச்சு நம் கழுத்தில் படும், ஆனால் இருவரும் ஜன்னலைப் பார்ப்போம். "பக்கத்திலேயே நிற்கிறாள், ஆனால் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டாள், எதையோ மறைக்கிறாள்" என்று பிள்ளைகளைச் சில ஆசிரியர்கள் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். ஓரடி தள்ளி நின்று கேட்டுப் பாருங்கள், அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்.

இது பிறவியிலேயே வருகிறதா, பழக்கமா?

இரண்டும். யாராவது மிக நெருங்கினால் வரும் அந்த 'ஐயோ' என்ற உணர்வுக்கு மூளையில் அமிக்டலா என்ற சின்னப் பகுதி தேவை. இரண்டு பக்க அமிக்டலாவும் பழுதான ஒரு பெண்ணை வைத்து 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. மற்றவர்கள் சராசரியாக 64 சென்டிமீட்டரில் "போதும்" என்று நிறுத்தினார்கள். அந்தப் பெண் 34 சென்டிமீட்டரில் நிறுத்தினார், மூக்கோடு மூக்கு உரச நின்றாலும் அவருக்குச் சங்கடமில்லை. ஆக, மணி எல்லாருக்கும் உள்ளே இருக்கிறது. எத்தனை அடியில் அடிக்க வேண்டும் என்பதை வீடு சொல்லிக்கொடுக்கிறது.

பிள்ளைக் காம்பராவில் இருக்கிற மூன்று வயதுக் குழந்தைக்குத் தூரம் என்று ஒன்றுமில்லை, யார் மடியிலும் ஏறும். வயது ஏற ஏற இடைவெளி கூடி, பதின்ம வயதுத் தொடக்கத்தில் பெரியவர்களின் அளவுக்கு வந்துவிடும்.

நெருக்கத்திலேயே வளர்ந்தவர்களுக்கு நெருக்கடி உறைக்காதுதானே? லயத்து அறை அவர்களுக்குப் போதும் என்று ஒருவர் சொன்னார்.

அது தப்பு, அழுத்திச் சொல்கிறேன். ஒட்டி நின்று பேச விரும்புவது வேறு, தள்ளி நிற்க இடமில்லாமல் இருப்பது வேறு. அமெரிக்காவில் வெவ்வேறு சமூகங்களைச் சேர்ந்த குடும்பங்களை ஒப்பிட்டு 2000-இல் வந்த ஓர் ஆய்வில், சில சமூகத்தினர் வீட்டு நெரிசலை நெரிசல் என்று அவ்வளவாகச் சொல்லவில்லை. ஆனால் நெரிசலால் மனதுக்கு வரும் பாதிப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. வாய் சொல்லாததை உடம்பு சுமக்கிறது.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஏன் பீலிக்கரைக் கல்லில் போய் உட்கார்ந்து படிக்கிறது? புதிதாகக் கல்யாணமானவர்கள் ஏன் சாமான் வாங்கும் சாக்கில் டவுனுக்குப் போகிறார்கள்? நம் மக்களுக்கும் தூரம் வேண்டும். அது வீட்டுக்குள் கிடைக்கவில்லை.

எங்கள் குடும்பத்தின் தூரத்தை எப்படி அளந்து பார்ப்பது?

ஒரு அளவு நாடா போதும். இருவர் பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் மெதுவாக நடந்து வரட்டும், மற்றவர் சங்கடம் தொடங்கும் இடத்தில் "போதும்" என்று சொல்லட்டும். கால் பெருவிரலிலிருந்து பெருவிரல்வரை அளங்கள். மூன்று தரம் செய்து சராசரி எடுங்கள். அப்புறம் ஆளை மாற்றுங்கள்: அம்மா, மருமகள், பக்கத்து வீட்டு மாமா.

சிரிப்பு வந்தால் அந்த ஒரு தரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு கெட்டுவிடும். அளக்கிறோம் என்று தெரிந்தாலே பெரியவர்கள் நாகரிகத்துக்காகப் பொறுத்துக்கொள்வார்கள், அதனால் எண் உண்மையைவிடக் குறைவாக வரும். படிக்கட்டிலும் சரிவிலும் அளக்காதீர்கள். நம் ஊரில் சமதரை கிடைப்பதே கஷ்டம்தான், ஆனால் ஒருவர் மேலே நின்றால் கீழே நிற்பவர் வழக்கத்தைவிடத் தள்ளி நிற்பதை நான் பல தரம் கவனித்திருக்கிறேன். இன்னும் நல்ல வழி, யாருக்கும் சொல்லாமல் டைல்ஸ் எண்ணுவது.

ஓர் ஆண் பழக்கத்தால் நெருங்குகிறாரா, வேறு எண்ணத்தோடு நெருங்குகிறாரா? எப்படித் தெரியும்?

அந்த 42 நாட்டு ஆய்வில் பெண்கள் பொதுவாக ஆண்களைவிட அதிகத் தூரத்தைத்தான் கேட்டார்கள், வயதானவர்களும் அப்படியே. ஆக, உங்களுக்குத் தூரம் வேண்டியிருப்பது அதிசயமில்லை.

பழக்கத்தால் நெருங்குகிறவர் ஆண், பெண், கிழவர் என்று எல்லாரிடமும், நாலு பேர் முன்னாலும் அப்படித்தான் நிற்பார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணே" என்றால் கூச்சப்பட்டு நகர்வார், அடுத்த முறையும் நினைவில் வைத்திருப்பார். உங்களிடம் மட்டும், ஆளில்லாத நேரத்தில் மட்டும், சொன்ன பிறகும் நெருங்குகிறவர் விஷயத்தில் இந்தப் பக்கத்தில் சொன்ன விளக்கம் எதுவும் பொருந்தாது. உடனே வீட்டிலோ பொறுப்பானவர்களிடமோ சொல்லுங்கள்.

மகளுக்குக் கொழும்பில் நேர்முகப் பரீட்சை. அவள் ஒன்று ஒட்டி நிற்பாள், இல்லாவிட்டால் வாசலோடு நின்றுவிடுவாள். என்ன சொல்லி அனுப்புவது?

இரண்டும் எங்கிருந்து வந்தவை என்று உங்களுக்குத் தெரியும்: ஒன்று இஸ்தோப்பு, இன்னொன்று ஆபிஸ் ஜன்னல். சென்டிமீட்டர் சொல்லி அனுப்பாதீர்கள், பதற்றத்தில் மறந்துபோகும். இரண்டு பேரும் கையை நீட்டினால் விரல் நுனி தொடும் அளவு என்று சொல்லுங்கள். நின்று பேச நேர்ந்தால் அது போதும்.

அறைக்குள் போனதும் வாசலில் நிற்காமல், கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்று வணக்கம் சொல்லட்டும். உட்காரச் சொன்னால் ஒரு தரத்திலேயே உட்காரட்டும், மேசை மற்றத் தூரத்தைப் பார்த்துக்கொள்ளும். கதிரை விளிம்பில் தொங்கிக்கொண்டு இருக்காமல் முதுகு சாயும்படி உட்காரச் சொல்லுங்கள். இதை வீட்டில் மூன்று நாள் பழக்கிப் பாருங்கள். பரீட்சகராக அப்பாவையே மேசைக்குப் பின்னால் உட்கார வையுங்கள்.